மற்றவை: 28

சென்னையில் 96 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். ஏ, பி, சி, டி என்று நான்கு பிளாக். வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பிலும் போனிலும் சொல்லும் புகார்களை மேனேஜரும் இரண்டு சூப்பர்வைசர்களும் ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறார்கள். தேதி, வீட்டு எண், புகார், வகை, யாரிடம் கொடுத்தது, முடிந்த தேதி என்று ஆறு பத்திகள். மாதம் முடிந்ததும் வகைவாரியாகக் கூட்டி, அசோசியேஷன் கமிட்டிக்கு ஒரு பக்க அறிக்கை போகும். இந்த அடுக்ககமும் இதன் எண்களும் நான் கணக்குக்காக அமைத்துக்கொண்டவை. ஆனால் இதே சாயலில் ஒரு ஷீட்டைப் பார்த்திராத அசோசியேஷன் செயலாளர் ஊரில் இருக்க மாட்டார்.

அந்த மாதம் மொத்தம் 140 புகார்கள். அறிக்கை இப்படி இருக்கிறது: பிளம்பிங் 31, மற்றவை 28, எலக்ட்ரிக்கல் 26, தண்ணீர் 17, லீக் 12, லிஃப்ட் 9, வாட்டர் 9, மோட்டார் 8.

கூட்டத்தில் எல்லார் கண்ணும் 31 மீது விழுகிறது. இருக்கும் ஒரு பிளம்பரால் சமாளிக்க முடியவில்லை, மாதம் 18,000 ரூபாய்க்கு இன்னொருவரைப் போடலாம் என்று பேச்சு எழுகிறது. ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில் பொருளாளர் மேனேஜரிடம் கேட்கிறார்: “தண்ணீர்னு ஒண்ணு, வாட்டர்னு ஒண்ணு. ரெண்டும் வேற வேறயா?”

“இல்ல சார், ஒண்ணுதான். நான் தமிழ்ல போடுவேன், நைட் சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல சொல்ற மாதிரியே போடுவாரு.”

“சரி, மோட்டார்?”

“மோட்டார் ஓடலன்னாலும் தண்ணி வராதுல்ல சார். சில பேர் மோட்டார்னு சொல்லி கம்ப்ளைன்ட் குடுப்பாங்க. அத அப்படியே போட்டுடறது.”

“அப்ப லீக்?”

“அது பிளம்பிங்தான் சார்.”

இந்த மூன்று பதில்களுக்குப் பிறகு அந்த அறிக்கையில் நம்பத்தக்க எண் எது என்றால், மொத்தம் 140 என்பது ஒன்றுதான். மீதி எட்டு எண்களும் அன்றைக்கு யார் பணியில் இருந்தார், புகார் கொடுத்தவர் எந்தச் சொல்லில் கொடுத்தார் என்பதையே எண்ணிக் காட்டுகின்றன. கூட்டலில் பிழை இல்லை. எண்ணப்பட்ட பொருள்தான் கமிட்டி நினைத்தது அல்ல.

வேலைகளுக்கு வகை போடுவதையும் குறிச்சொல், அதாவது டேக், போடுவதையும் பலர் தேடுவதற்கான வசதி என்று நினைக்கிறார்கள். தேடலுக்குக் கொஞ்சம் குளறுபடி இருந்தாலும் பாதகமில்லை. ‘தண்ணீர்’ என்று தேடிக் கிடைக்காவிட்டால் ‘வாட்டர்’ என்று தேடிக்கொள்வோம். எண்ணிக்கை அப்படி விட்டுக்கொடுக்காது. இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஒரு வகை, அறிக்கையில் இரண்டு சிறிய எண்களாகத் தோன்றிக் கவனத்திலிருந்து தப்பிவிடும். மேலே உள்ள பட்டியலில் தண்ணீர் தொடர்பான ஐந்து வரிகளையும் கூட்டினால் 77 வருகிறது. மொத்தப் புகாரில் பாதிக்கும் மேல். அறிக்கை அதை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

எழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது, அதை முதலில் முடித்துவிடலாம். வகைகள் D பத்தியில் இருந்தால், ஷீட்டின் ஓரத்தில் ஒரு காலிக் கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=SORT(UNIQUE(D2:D141))
```

அந்தப் பத்தியில் இருக்கும் வெவ்வேறு சொற்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை வரிசையாக வந்து நிற்கும். எட்டு வகை என்று நினைத்திருந்தவருக்குப் பதினைந்து வரக்கூடும். லிஃப்ட், லிப்ட், Lift என்று மூன்று இருக்கும். ஒரே மாதிரி தெரியும் ‘பிளம்பிங்’ இரண்டு முறை இருந்தால், ஒன்றின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்திருக்கும். போனில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் கீபோர்டு தானாகவே இடைவெளி போட்டுவிடும் பழக்கத்தால் வருவது இது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை `COUNTIF` பொருட்படுத்தாது. இடைவெளியை அது மன்னிக்காது.

தமிழில் தட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ‘மோட்டார்’ என்பதில் வரும் ‘மோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்த இரண்டாம் வடிவம் தட்டுப்படுவதுண்டு. சில மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும், சில கொள்ளாது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிறவருக்கு இது பிடிபடவே பிடிபடாது.

மருந்து, தட்டச்சு செய்யும் வாய்ப்பையே எடுத்துவிடுவது. கூகுள் ஷீட்டில் Data பட்டியலில் Data validation என்று இருக்கிறது. அதில் வகைகளைப் பட்டியலாகக் கொடுத்து, பட்டியலில் இல்லாததை நிராகரிக்கும்படி செய்துவிட்டால், சூப்பர்வைசர் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். எக்செல்லிலும் இதே பெயரில் உண்டு. ஒரு எச்சரிக்கை: வேறிடத்திலிருந்து நகலெடுத்து அந்தக் கட்டத்தில் ஒட்டினால் தடையும் சேர்ந்து அழிந்துபோகலாம். ஆகவே மாதக் கடைசியில் அந்த `UNIQUE` வரியை ஒருமுறை பார்ப்பதை விட வேண்டாம்.

ஆனால் கீழ்விரி பட்டியல் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எழுத்து ஒன்றாகிவிடும். எழுதுகிறவர்கள் நினைப்பது ஒன்றாவதில்லை. நம் அடுக்ககத்தின் பட்டியலை மறுபடி பாருங்கள். ‘பிளம்பிங்’ என்பது யார் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கான விடை. ‘லீக்’ என்பது என்ன நடந்தது என்பதற்கு. ‘மோட்டார்’ என்பது எந்தப் பொருள் கெட்டது என்பதற்கு. ‘தண்ணீர்’ என்பது எது கிடைக்கவில்லை என்பதற்கு. நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் ஒரே பத்தியில் போட்டி போடுகின்றன. சமையலறைக் குழாய்க்கடியில் ஒழுகுகிறது என்று ஒரு புகார் வந்தால், அது பிளம்பிங்காகவும் லீக்காகவும் இருக்க முழுத் தகுதி பெற்றது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை. தவறே செய்யாத இரண்டு பேர் இரண்டு விதமாகப் போடும்படி அமைந்த பட்டியலில் பிழை, பட்டியலுடையது.

இந்தச் சிக்கலை நூலகங்கள் நமக்கு முன்பே சந்தித்துவிட்டன. விடை கண்டவர்களில் முதன்மையானவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது, அன்றைய வகைப்பாட்டு முறைகள் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஓர் இடத்தை நிர்ணயித்து வைத்திருப்பதும், இரண்டு பாடங்கள் கலந்த புத்தகம் வந்தால் திணறுவதும் அவரை உறுத்தின. செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஒரே துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பிறந்த யோசனைதான் 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை. ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் தள்ளாமல், அதைப் பற்றித் தனித்தனிக் கேள்விகள் கேட்டு, விடைகளைக் கோத்து எண் அமைப்பது அதன் சாரம். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று அந்தக் கேள்விகளை அவர் ஐந்தாக வகுத்தார்.

அடுக்ககப் புகாருக்கு ஐந்து தேவையில்லை, மூன்று போதும். யார் போக வேண்டும்? எந்த இடம்? ஏன் நேர்ந்தது? முதல் கேள்விக்கான விடையை வகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு புகாருக்கு ஒரே ஒரு வகை, கட்டாயம் ஒன்று. மற்ற இரண்டுக்கும் குறிச்சொற்கள். அவற்றையும் ‘இடம்-சி’, ‘காரணம்-வால்வு’ என்று எந்தக் கேள்விக்கான விடை என்பது தெரியும்படி முன்னொட்டோடு எழுதினால், பின்னால் ஆறு மாதம் கழித்து வருகிற சூப்பர்வைசருக்கும் புரியும்.

வகை ஒன்றே ஒன்று என்பதற்குக் காரணம் கணக்கு. ஒரு புகாருக்கு ஒரு வகை என்றால் வகைகளின் கூட்டுத்தொகை 140 வந்தே ஆக வேண்டும். 138 வந்தால் இரண்டு புகார்கள் வகையில்லாமல் கிடக்கின்றன என்று அர்த்தம். 143 வந்தால் எங்கோ இருமுறை எண்ணியிருக்கிறோம். அறிக்கை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வழி இது. குறிச்சொல்லுக்கு இந்தக் காவல் கிடையாது. ஒரு புகாருக்கு மூன்று ஒட்டலாம், ஒன்றுமே ஒட்டாமலும் விடலாம். 140 புகார்களில் 190 குறிச்சொற்கள் இருந்தால் அதில் பிழை இல்லை. ஆனால் அந்த 190ஐ வட்டமாக வரைந்து விழுக்காடு போட்டுக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வட்டம் எதன் முழுமையையும் குறிக்காது. குறிச்சொல் கணக்கைச் சொல்வதென்றால், ‘140இல் 52 புகார்களில் இந்தக் குறிச்சொல் இருக்கிறது’ என்ற வடிவத்தில் மட்டுமே சொல்ல வேண்டும்.

சரி, நம் பொருளாளர் அந்த 140 புகார்களையும் மேனேஜரோடு உட்கார்ந்து மறுபடி படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாயங்கால வேலை. புதிய வகைகள்: தண்ணீர் வரத்து (பம்ப் ஆபரேட்டர் போக வேண்டியது), பிளம்பிங், எலக்ட்ரிக்கல், லிஃப்ட், துப்புரவு, மற்றவை. முதல் இரண்டுக்கும் இடையே தகராறு வரும் என்பது தெரிந்ததால் ஒரு விதி எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் பிளம்பிங், எந்தக் குழாயிலும் வரவில்லை என்றால் வரத்து.

மறுபடி எண்ணியபோது வரத்து 46, எலக்ட்ரிக்கல் 38, பிளம்பிங் 29, லிஃப்ட் 11, துப்புரவு 9, மற்றவை 7. கூட்டினால் 140. கெய்சர் புகார் இரண்டு ‘வாட்டர்’ என்று கிடந்தன, எலக்ட்ரிக்கலுக்குப் போயின. பழைய ‘மற்றவை’ 28இல் பத்து எலக்ட்ரிக்கல் புகார்களும், இரண்டு லிஃப்ட் புகார்களும், துப்புரவு ஒன்பதும் ஒளிந்திருந்தன. துப்புரவுக்குப் பழைய பட்டியலில் இடமே இல்லாததால் அந்த ஒன்பதும் போக வேறு வழி இருக்கவில்லை.

பிளம்பர் வேலை 29 என்றால் நாளுக்கு ஒன்று. ஒருவரே தாராளம். வரத்து 46இல் ‘இடம்-சி’ மட்டும் 33. அந்த 33இல் காரணம் பார்த்தால், சி பிளாக் மேல்தொட்டியின் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் 27. போர்வெல் தண்ணீரின் உப்பு, தொட்டிக்குள் தொங்கும் சென்சார் கம்பிகளில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. படிந்ததும் தண்ணீர் இறங்கியது அதற்குத் தெரிவதில்லை, மோட்டார் தானாக ஓடுவதில்லை. கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம், இல்லையென்றால் கன்ட்ரோலரை மாற்றலாம். எதைச் செய்தாலும் ஒரு பிளம்பரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட மிகக் குறைவு. புதிதாக வருகிற பிளம்பர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார், அது அவர் வேலை அல்ல.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, குறிச்சொல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மூடாத பள்ளம். அந்த 27 புகார்களும் 27 முறை கோளாறு நேர்ந்ததால் வந்தவை அல்ல. மோட்டார் ஓடாமல் போனது அந்த மாதத்தில் ஐந்து நாட்கள்தான். ஒவ்வொரு முறையும் நான்கு முதல் ஏழு வீடுகள் போன் செய்தன. எத்தனை பேருக்குத் தொந்தரவு என்று கேட்டால் 27 சரியான விடை, எத்தனை முறை பழுது என்று கேட்டால் 5 சரியான விடை. பொதுத் தொட்டி கெட்டால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், ஒருவர் வீட்டுக் குழாய் கெட்டால் ஒருவர்தான் கூப்பிடுவார். ஆகவே புகார்களை மட்டும் எண்ணினால் பொதுப் பழுதுகள் எப்போதும் பெரிதாகத் தெரியும். இதற்கு ஷீட்டில் ‘மூலப் புகார் எண்’ என்று ஒரு பத்தி சேர்த்து, அதே பழுதுக்கு இரண்டாவதாகக் கூப்பிட்டவரின் வரியில் முதல் புகாரின் எண்ணைப் போட வேண்டும். அறிக்கையில் இரண்டு எண்களையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் கமிட்டி தானே புரிந்துகொள்ளும்.

‘காரணம்’ என்ற குறிச்சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் புகார் வந்தவுடன் போடக் கூடாது. தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் அம்மாவுக்குக் கன்ட்ரோலர் தெரியாது, போனை எடுத்த சூப்பர்வைசருக்கும் தெரியாது. ஆபரேட்டர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போதுதான் தெரியும். வகையையும் இடத்தையும் புகாரைத் திறக்கும்போது போடுவது, காரணத்தை முடிக்கும்போது போடுவது. மாதக் கடைசியில் இன்னும் முடியாத புகார்கள் பதினொன்று இருந்தால், ‘காரணம் தெரியாதவை 11’ என்று அறிக்கையில் ஒரு வரி இருக்க வேண்டும். அதை ஒளித்து மற்றவற்றில் பங்கிட்டுவிடுகிற அறிக்கை பார்க்க அழகாக இருக்கும், நம்ப முடியாது.

‘மற்றவை’ என்ற பெட்டியை ஒழித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்கு எதிர். ஒழித்தால், பொருந்தாத புகாரை எதிலாவது திணிப்பார்கள், நல்ல வகைகளும் கெட்டுவிடும். மற்றவை இருக்கட்டும், ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று நான்கு சொல் எழுத வேண்டும் என்று வைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் அந்த வரிகளை மட்டும் படித்தால், எந்தப் புது வகை தேவை என்பது தானே வெளிவரும். துப்புரவு அப்படி வந்ததுதான்.

ஒன்றும் சொல்லாத வகைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு மரணப் பதிவில் இருக்கிறது. ஒருவர் இறந்த காரணம் ‘இதயம் நின்றுவிட்டது’ என்று சான்றிதழில் எழுதினால் அது பொய் அல்ல. ஆனால் இறந்த எல்லாருக்கும் இதயம் நின்றுதான் போயிருக்கும். புற்றுநோயா, விபத்தா, காசநோயா என்பது அதிலிருந்து தெரியாது. பொதுச் சுகாதாரப் புள்ளியியலில் இத்தகைய குறியீடுகளைக் குப்பைக் குறியீடுகள் என்றே அழைக்கிறார்கள். ஒரு நாட்டின் மரணக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, அதில் இந்தக் குப்பையின் பங்கு எவ்வளவு என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். மாத அறிக்கையில் ‘பொது’, ‘இதர’, ‘சர்வீஸ்’ என்ற பெயர்களில் இருப்பவை இந்தச் சாதிதான். அடுக்ககத்தின் பழைய அறிக்கையில் மற்றவை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு இருக்கும்போது முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்துவதில் பொருளே இல்லை. அந்த 28இல் எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து வரிசை புரண்டுவிடும்.

மரணக் கணக்கிலிருந்து கற்க வேண்டிய இன்னொரு பாடம், பட்டியலை மாற்றும்போது வருவது. மரணக் காரணங்களைக் குறிக்க உலக நாடுகள் பயன்படுத்தும் பன்னாட்டு நோய் வகைப்பாடு, பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்தியோன் 1893இல் முன்வைத்த பட்டியலிலிருந்து வளர்ந்தது. அவ்வப்போது அதைத் திருத்துகிறார்கள். அமெரிக்கா 1999இல் ஒன்பதாம் பதிப்பிலிருந்து பத்தாம் பதிப்புக்கு மாறியது. மாறியதும் நிமோனியா, இன்ஃப்ளூயன்சா மரணங்களின் எண்ணிக்கை ஒரேயடியாகச் சரிந்தது. யாரும் கூடுதலாகப் பிழைத்துவிடவில்லை. பல நோய்கள் சேர்ந்து இறந்தவர்களில் எதை அடிப்படைக் காரணமாகக் கொள்வது என்ற விதி மாறியிருந்தது.

இப்படி நேரும் என்று தெரிந்து அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். 1996ஆம் ஆண்டின் மரணச் சான்றிதழ்களைப் பழைய முறைப்படியும் புதிய முறைப்படியும் இரண்டு தடவை குறியிட்டுப் பார்த்தார்கள். அதே மரணங்கள், அதே சான்றிதழ்கள். புதிய முறையில் நிமோனியாவும் இன்ஃப்ளூயன்சாவும் சேர்ந்து சுமார் 30 விழுக்காடு குறைந்து வந்தன. ஆக, 1999இல் தெரிந்த சரிவில் எவ்வளவு பட்டியலால் வந்தது, எவ்வளவு உண்மை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

அடுக்ககத்தில் இதே காரியத்துக்கு ஒரு சாயங்காலம் போதும் என்பதைப் பார்த்தோம். பொருளாளர் பழைய மாதத்தை மறுபடி வகைப்படுத்தியது பிளம்பர் தேவையா என்று பார்ப்பதற்காக. ஆனால் அதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அதைச் செய்யாமல் அடுத்த மாதத்திலிருந்து புதிய பட்டியலுக்கு மாறியிருந்தால், எலக்ட்ரிக்கல் 26இலிருந்து 38 ஆக எகிறியதாக அறிக்கை சொல்லியிருக்கும், யாராவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருப்பார்கள். பட்டியலை மாற்றுவதென்றால் மாதத்தின் முதல் தேதியில் மாற்ற வேண்டும், முந்தைய ஒரு மாதத்தையாவது புதிய முறையில் மறுபடி எண்ண வேண்டும், எந்தத் தேதியில் என்ன மாறியது என்பதை ஷீட்டின் ஒரு மூலையில் எழுதி வைக்க வேண்டும். நடு மாதத்தில் மாற்றினால் அந்த மாதம் இரண்டு முறைகளுக்கும் சொந்தமில்லாமல் போய்விடும்.

விதிகள் எழுதியாயிற்று, பட்டியல் பூட்டியாயிற்று. மூன்று பேரும் உண்மையில் ஒரே மாதிரிதான் போடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முடிந்த மாதத்திலிருந்து இருபது புகார்களை எடுத்து, வகையை மறைத்துவிட்டு, இரண்டு சூப்பர்வைசர்களிடமும் தனித்தனியே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பதினெட்டில் ஒத்துப்போனால் நல்லது. பதினான்கில் மட்டும் என்றால், ஒத்துப்போகாத ஆறையும் எடுத்து வைத்துப் பாருங்கள். அவை சிதறிக் கிடக்காது. பெரும்பாலும் ஒரே ஜோடி வகைகளுக்கு இடையில்தான் குழப்பம் இருக்கும், ஒரு வரி விதி எழுதினால் தீர்ந்துவிடும். கழிவுநீர் அடைப்பு பிளம்பிங்கா துப்புரவா என்பது போல.

இந்தச் சோதனையில் ஏமாறவும் இடமுண்டு. இரண்டே வகைகள் இருந்து, பத்தில் எட்டுப் புகார் ஒரே வகையாக இருந்தால், புகாரைப் படிக்காமலே குத்துமதிப்பாக அதே விகிதத்தில் போட்டுக்கொண்டு போகும் இரண்டு பேரும்கூட 68 விழுக்காடு ஒத்துப்போவார்கள். இருவரும் பெரிய வகையைப் போட வாய்ப்பு 64, இருவரும் சிறிய வகையைப் போட வாய்ப்பு 4. அதனால்தான் ஆய்வாளர்கள் வெறும் ஒப்புதல் விழுக்காட்டை நம்பாமல், தற்செயலாக வரும் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கிறார்கள். ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா என்ற அளவு அதற்கானது. அசோசியேஷனுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சோதனைக்கு எடுக்கும் இருபதில் எல்லா வகைகளும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, யாரும் கூட்டத்தில் பேச விரும்பாத விஷயம். குழப்பத்தால் வரும் பிழை இரண்டு பக்கமும் சாயும், ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடவும் கூடும். நலனால் வரும் சாய்வு எப்போதும் ஒரே பக்கம்தான். லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. மாதத்தில் இத்தனை முறைக்கு மேல் நின்றால் கட்டணத்தில் பிடித்தம் என்று அதில் எழுதியிருக்கிறது. லிஃப்ட் நின்றது, நிறுவனத்தின் மெக்கானிக் வந்தார், சரிசெய்தார். சூப்பர்வைசர் காரணம் கேட்டால் ‘கரன்ட் ஏத்த இறக்கம்’ என்கிறார். காரணப் பத்தியில் அதுவே ஏறுகிறது. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அதே பிளாக்கில் வேறு எந்தப் புகாரும் வரவில்லை, மோட்டார் ட்ரிப் ஆகவில்லை, எந்த வீட்டிலும் விளக்கு மங்கவில்லை என்றால் சந்தேகிக்க வேண்டும். சூப்பர்வைசருக்கும் இதே சோதனை உண்டு. அவசரப் புகார்களை எத்தனை மணி நேரத்தில் முடிக்கிறார் என்று பார்த்து அவரை மதிப்பிடத் தொடங்கினால், ‘அவசரம்’ என்ற குறிச்சொல் எளிதாக முடியும் வேலைகளில் பெருகும், கடினமான வேலைகளிலிருந்து உதிரும்.

இதற்குத் தொழில்நுட்ப மருந்து கிடையாது. குறிச்சொல்லால் பணம் இழப்பவரோ பெறுபவரோ அந்தக் குறிச்சொல்லைப் போடக் கூடாது, அவ்வளவுதான். மெக்கானிக் சொல்வதை ‘நிறுவனம் சொன்ன காரணம்’ என்று தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கைக்குப் போகும் காரணத்தை மேனேஜர் போடட்டும், மின்சாரம் தொடர்பான காரணம் என்றால் அன்றைய மற்றப் புகார்களையும் பார்த்துவிட்டுப் போடட்டும். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பழுதின் காரணத்தைப் பதிவு செய்யும் உரிமை அசோசியேஷனுடையது, மறுப்பு இருந்தால் ஏழு நாட்களுக்குள் நிறுவனம் எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.